22 ஆயிரம் பெரிதா, 27,500 பெரிதா?

போன ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூரில் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா பையனுக்கு ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. 2025 ஜூனில் சேர்ந்தான், கைக்கு வருவது மாதம் 27,500. பெரியப்பா பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "உங்க மாமா 2010ல 22 ஆயிரத்துல ஆரம்பிச்சான்டா. நீ எடுத்த உடனே அவனை விட அஞ்சாயிரத்து ஐநூறு கூட. செலவு பண்ணாம சேர்த்து வை."

பையன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த 22 ஆயிரத்தில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியுமே.

சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். அதில் முதலில் ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார். ஜனவரியிலும் ஜூலையிலும் அவருக்கு அகவிலைப்படி ஏறுவது ஒரு குறியீட்டெண்ணை வைத்துத்தான். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று அதற்குப் பெயர். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறது. தனியார் கம்பெனியில் இருக்கிற நம்மில் பலர் அதை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். 2010 ஜூனில் அது 174. 2025 ஜூனில் 145.

174லிருந்து 145. அப்படியானால் பதினைந்து வருடத்தில் விலைவாசி இறங்கியிருக்கிறதா? ஒரு நிமிடம் நானே குழம்பிப்போனேன். அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். "ரெண்டும் வேற வேற அளவுகோல்ப்பா. பழசு 2001ஐ நூறா வெச்சது, புதுசு 2016ஐ நூறா வெச்சது. புதுசை 2.88ஆல பெருக்கு." அதுதான் இணைப்புக் காரணி. 2020இல் அடிப்படை ஆண்டை மாற்றியபோது அரசே கொடுத்த எண். பெருக்கினால் 417.6 வருகிறது. அதை 174ஆல் வகுத்தால் சரியாக 2.4.

அதாவது 2010 ஜூனில் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 2025 ஜூனில் 240 ரூபாய் வேண்டும். என்னுடைய 22 ஆயிரம் 2025 காசில் 52,800. பையனின் 27,500ஐ அன்றைய காசுக்குத் திருப்பினால் ஏறக்குறைய 11,460. பெரியப்பா கூட என்று சொன்ன சம்பளம், நான் வாங்கியதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நிறைய பேர் சறுக்குவார்கள். "வருஷத்துக்கு ஆறு சதவீதம், பதினஞ்சு வருஷம், ஆக 90 சதவீதம்" என்று கூட்டிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் என் 22 ஆயிரம் 41,800 என்றுதான் வரும். ஆனால் இரண்டாம் வருடத்து ஆறு சதவீதம், முதல் வருடம் ஏறிய விலையின் மேல்தானே ஏறுகிறது? கூட்டு வட்டி மாதிரி 1.06ஐப் பதினைந்து முறை பெருக்க வேண்டும். பெருக்கினால் அதே 2.4 வருகிறது. இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் மாதம் பதினோராயிரம் ரூபாய்.

அந்த ஆறு சதவீதமும் வருடாவருடம் ஒரே சீராக வந்ததில்லை. ஆரம்ப வருடங்களில் விலைவாசி கன்னாபின்னாவென்று ஏறியது. 2012-13இல் மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல். அந்த வருடம் எனக்கு எட்டு சதவீத ஹைக் வந்தது, டீமுக்கே ட்ரீட் வைத்தேன். இப்போது கணக்குப் பார்த்தால் அது இரண்டு சதவீத சம்பள வெட்டு. வெட்டுக்கு நானே பிரியாணி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

சரி, குறியீட்டெண் நாடு முழுவதற்குமான சராசரி, நம் பாடு வேறாக இருக்கலாம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால் இரண்டு பேரின் செலவையும் எடுத்து வைத்தேன். 2010இல் வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு ரூம், என் பங்கு 2,000. மெஸ்ஸுக்கு மாதம் 2,400. ஆக 4,400. இவன் ஆபீஸ் பக்கத்திலேயே சோழிங்கநல்லூரில் பிஜியில் இருக்கிறான், மூன்று பேருக்கு ஒரு ரூம், சாப்பாட்டோடு 9,000. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், 2.4 இல்லை. பெட்ரோலும் அப்படித்தான். அன்று சென்னையில் லிட்டர் 56 ரூபாய் பக்கம், 2025 ஜூனில் 101 ரூபாய் பக்கம். போன் டேட்டா அன்றைவிட எவ்வளவோ மலிவு. ஆகவே அவனுடைய சொந்த விலைவாசி 2.4க்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கல்யாணம் ஆகாமல் பிஜியில் இருக்கும் வரைதான். வீட்டு வாடகை, குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ், அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டால் கணக்கு மறுபக்கம் சாயும்.

இன்னொன்றையும் பாருங்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பிறகு அன்று என் கையில் 17,600 நின்றது. இவன் கையில் 18,500 நிற்கிறது. பார்த்தால் தொள்ளாயிரம் ரூபாய் கூட. ஆனால் அந்த 18,500 அன்றைய காசில் 7,700தான். பெரியப்பா சேர்த்து வைக்கச் சொன்னது இந்த 7,700லிருந்து.

அம்மா குறுக்கே வந்து பவுன் கணக்கை எடுத்தாள். "உன் முதல் சம்பளத்துல ஒன்றரைப் பவுன் வாங்கலாம்டா. இவன் சம்பளத்துல மூணு கிராம்தான் வரும்." கணக்கு சரிதான். 2010 ஜூனில் பவுன் பதினான்காயிரம் பக்கம், 2025 ஜூனில் எழுபதாயிரத்துக்கு மேல். ஆனால் பவுனை வைத்துச் சம்பளத்தை அளக்கக் கூடாது என்பது என் கட்சி. தங்கம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உலகத்தில் ஆயிரம் காரணம் உண்டு. நாம் தின்கிற அரிசிக்கும் கொடுக்கிற வாடகைக்கும் அதோடு நேரடிச் சம்பந்தமில்லை. பவுனில் அளந்தால் எல்லோருமே ஏழையாகத் தெரிவோம்.

ஒப்பிடும்போது கைக்கு வருவதைக் கைக்கு வருவதோடுதான் ஒப்பிட வேண்டும். சிடிசி என்று கம்பெனி சொல்லும் தொகையில் அவர்கள் போடும் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அடங்கிவிடும். அதிலும் எதை எதைச் சேர்ப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இன்ஜினியரிங் முடித்தவர்கள் அதிகம், வேலை குறைவு, அதனால்தான் சம்பளம் ஏறவில்லை என்பார்கள். இருக்கட்டும், அது காரணம். அதற்காக நடந்தது சம்பள உயர்வு ஆகிவிடாது. என் வயதுக்காரர்கள் "நாங்க எல்லாம் அந்தக் காலத்துல" என்று ஆரம்பிப்பதற்கு முன் தங்கள் முதல் சம்பளத்தை 2.4ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். 2010க்கு முன்னால் சேர்ந்தவர்களுக்கு அதற்கும் மேல் வரும்.

எல்லாம் முடிந்து பையன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, உங்க இப்போதைய சம்பளத்தை வகுத்துப் பார்த்தீங்களா?"

இல்லை, பார்க்கவில்லை. மாதம் 1,10,000, முதல் சம்பளத்தைப் போல ஐந்து மடங்கு என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அவனே போனில் தட்டிக் காட்டினான். 45,833. பதினைந்து வருட அனுபவத்துக்கு இரண்டு மடங்கும் ஒரு சொச்சமும். அக்கா எனக்கு இன்னொரு டம்ளர் பாயசம் ஊற்றினாள்.