நொடிக்கு 17.5 சதுர மீட்டராம்: அந்த ஏணிக் கணக்கு பற்றிக் கடைசியாக

என்னிடம் கணக்குக் கற்க வரும் ஒரு பள்ளி மாணவி சரியாகப் போட்ட ஏணிக் கணக்கை, தப்பான விடைக்குறிப்பைப் பார்த்துத் தப்பென்று திருத்திவிட்டார்கள். அந்தப் பயிற்சி ஷீட்டை முந்தாநாள் இங்கே படமாகப் போட்டேன். அதன் கீழே நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் "மூணு மார்க்குக்கு இவ்வளவு கூத்தா?" என்கிறார்கள். மீதிப் பேர் நான் டியூஷனுக்கு ஆள் பிடிக்கிறேன் என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி இதுதான். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடியை நொடிக்கு 20 செமீ வேகத்தில் சுவரை விட்டு இழுக்கிறார்கள். அடி சுவரிலிருந்து 3 மீட்டரில் இருக்கும் கணத்தில் உச்சி எவ்வளவு வேகமாக இறங்கும்? ஏணியும் சுவரும் தரையும் சேர்ந்த முக்கோணத்தின் பரப்பு என்ன வீதத்தில் மாறும்?

அந்தப் பெண் முதல் வரியிலேயே 20 செமீ/வி = 0.2 மீ/வி என்று எழுதிவிட்டாள். பிறகு, சுவரிலிருந்து அடி இருக்கும் தூரம் x, உச்சியின் உயரம் y என்று வைத்து `x² + y² = 25`. நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் `x·dx/dt + y·dy/dt = 0`. அதற்கப்புறம்தான் x = 3, y = 4 என்று பிரதியிட்டாள். (முதலிலேயே 3ஐப் போட்டுவிட்டு வகையிடுகிறவர்கள் உண்டு. மாறிலியை வகையிட்டால் பூஜ்யம், ஏணி நகரவே நகராது.) `dy/dt = −(3/4)(0.2) = −0.15`. அதாவது 0.15 மீ/வி, கீழ்நோக்கி. பரப்புக்கு `dA/dt = ½(x·dy/dt + y·dx/dt) = ½(−0.45 + 0.8) = 0.175` ச.மீ/வி. இரண்டுமே சரி.

விடைக்குறிப்பில் இருப்பது என்ன தெரியுமா? 15 மீ/வி. 17.5 ச.மீ/வி. அதனால் இரண்டுக்கும் சிவப்புக் கோடு.

15 மீ/வி என்றால் மணிக்கு 54 கிலோமீட்டர். ஏணியின் அடி இன்னும் 2 மீட்டர்தான் நகர வேண்டும். நொடிக்கு 20 செமீ என்றால் அதற்கு 10 நொடி ஆகும். அதே 10 நொடியில்தான் உச்சியும் 4 மீட்டர் இறங்க வேண்டும். சராசரியே நொடிக்கு 40 செமீதான். முதலில் மெதுவாகப் போய் முடிவில் வேகம் பிடிக்கிற உச்சி, எடுத்த எடுப்பிலேயே பஸ் வேகத்தில் போகுமா?

பரப்பு இன்னும் வேடிக்கை. அந்தக் கணத்தில் முக்கோணத்தின் பரப்பு 6 ச.மீ. 5 மீட்டர் ஏணியை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிச் சாய்த்தாலும், 45 டிகிரியில் கிடைக்கிற 6.25 ச.மீட்டரைத் தாண்ட முடியாது. மிச்சம் இருப்பதே கால் சதுர மீட்டர். குறிப்போ நொடிக்குப் பதினேழரை வளர்கிறது என்கிறது. வளர இடம் எங்கே ஐயா இருக்கிறது?

இந்தத் தப்பு எப்படி வந்தது என்று பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. விடை போட்டவர் 20ஐ மாற்றாமல் அப்படியே போட்டிருக்கிறார். `(3/4) × 20 = 15`. இதில் மீட்டரை மீட்டரால் வகுக்கிறோம், மீட்டர் அடிபட்டுப் போகிறது, செமீ/வி மட்டும் மிஞ்சுகிறது. எனவே 15 செமீ/வி என்று எழுதியிருந்தால், மாற்றாமலேயே சரியான விடை! அவர் கேள்வியில் ஏணி மீட்டரில் இருப்பதைப் பார்த்து, கடைசியில் மீ/வி என்று ஒட்டிவிட்டார். பரப்பில் அந்த அதிர்ஷ்டமும் கிடையாது. அங்கே மீட்டரைச் செமீ/வி-யால் பெருக்குகிறோம், எதுவும் அடிபடாது. வந்த 17.5இன் அலகு 'மீட்டர் செமீ/வி'. நூறால் வகுத்தால் அதே 0.175.

இதைத்தான் முந்தாநாளிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். அலகு என்பது விடை வந்தபிறகு வாலில் ஒட்டுகிற ஸ்டிக்கர் இல்லை. ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு கூடவே அதுவும் பெருகும், வகுபடும், அடிபடும். கூடவே எழுதிக்கொண்டு போயிருந்தால் அந்த 'மீட்டர் செமீ' கண்ணைக் குத்தியிருக்கும்.

"ஏணிக் கணக்கே பொய், நிஜத்தில் யார் ஏணியை ஒரே சீராக இழுக்கிறார்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சரி, ஓரளவு ஒத்துக்கொள்கிறேன். இந்தச் சூத்திரத்தை நம்பினால், உச்சி தரையை நெருங்க நெருங்க அதன் வேகம் எல்லையில்லாமல் ஏறும். நிஜ ஏணி அதற்குள் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். சீரான ஏணி, உராய்வில்லாத சுவர் என்று வைத்துக்கொண்டால், தரையிலிருந்து ஏறக்குறைய 40 செமீ உயரத்திலேயே அது நடந்துவிடும். ஆனால் நம் கேள்வியில் உச்சி 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சூத்திரம் பொய் சொல்லவில்லை.

எனக்கு ஏணி ஒன்றும் புத்தகத்தில் பார்த்த பொருள் இல்லை. அப்பா வெள்ளையடிக்கிறவர். லீவு நாளில் மூங்கில் ஏணியின் காலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அடியில் ஈரச் சாக்கு போட்டிருப்போம். ஒருநாள் சாக்கு வழுக்கியது. முதலில் கால் ஒரு சாண் நகர்ந்தது, மேலே எதுவும் தெரியவில்லை. "அப்பா" என்று நான் கத்தினேன், அவர் குதித்துவிட்டார். அப்புறம் கால் மேலும் நகர நகர, ஏணி மேலே மடமடவென்று சரிந்து விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் `dy/dt = −(x/y)·dx/dt` என்று கரும்பலகையில் வந்தபோது எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது. x சிறியதாக இருக்கும்போது உச்சி அசைவதே தெரியாது. அடி அரை மீட்டரில் இருந்தால், நம் 20 செமீ/வி-க்கு உச்சி நொடிக்கு 2 செமீதான் இறங்கும். 4 மீட்டரில் இருந்தால் கிட்டத்தட்ட 27. அப்பாவுக்கு வகையிடல் தெரியாது. ஆனால் உச்சி நொடிக்கு 15 மீட்டர் இறங்குகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். கணக்கு படித்தவர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"ஆசிரியரை அவமானப்படுத்துகிறாய்" என்பவர்களுக்கு: பெயர் சொன்னேனா? பள்ளியின் பெயர் சொன்னேனா? கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர் குறிப்பைப் பார்த்துத்தான் திருத்துவார், அது எனக்கும் தெரியும். நானும் தப்பு விட்டிருக்கிறேன். என் கோபம் அந்தக் கோட்டின் மேல் இல்லை. அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, "ஷீட்ல இல்லாததை ஏன் எழுதற, அதிகப்பிரசங்கி" என்று வகுப்புக்கு முன்னால் சொன்னார்களே, அதன் மேல்தான். தாளை இரண்டு நிமிடம் வாங்கிப் பார்த்திருக்கலாம்.

டியூஷன் விளம்பரம் என்பவர்களுக்கு: அந்தப் பெண்ணிடம் நான் பணம் வாங்குவதில்லை. இதைச் சொல்ல வைத்துவிட்டீர்கள், சந்தோஷமா?

நேற்று மாலை அவள் வந்தாள். அடுத்த ஷீட் கூம்புத் தொட்டி. தண்ணீர் நிமிடத்துக்கு லிட்டரில் ஊற்றுகிறது, உயரம் செமீட்டரில் கேட்டிருக்கிறார்கள். லிட்டரைக் கன செமீட்டராக மாற்றி ஒரு வரி எழுதினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, "சார், கீ-ல எப்படி இருக்கும்னு முதல்ல சொல்லுங்க, அப்படியே எழுதிடறேன்" என்றாள்.