ஸ்பானிஷில் ஆள் என்றாலே 'ஆ' வருமா?

"ஸ்பானிஷில் செயப்படுபொருள் மனிதராக இருந்தால் எப்போதும் முன்னால் 'ஆ' போடணும். மற்றதற்குப் போடவே கூடாது."

பாதிதான் சரி. ஆள் என்பதோடு, பேசுபவர் மனதில் அது ஒரு குறிப்பிட்ட ஆளா என்பதும் முக்கியம். 'பெண் தேடுகிறார்கள்' என்றால் கல்யாணத்துக்கு. 'பெண்ணைத் தேடுகிறார்கள்' என்றால் யாரோ காணாமல் போயிருக்கிறாள். நம்முடைய 'ஐ' செய்யும் இந்த வேலையைத்தான் அங்கே 'ஆ' செய்கிறது.

'புஸ்கோ உன் மேதிகோ கே ஆப்லே இங்க்லேஸ்': ஆங்கிலம் பேசும் டாக்டர் யாராவது வேண்டும். 'புஸ்கோ ஆ உன் மேதிகோ கே ஆப்லா இங்க்லேஸ்': அப்படி ஒருவர் இருக்கிறார், அவரைத் தேடுகிறேன். 'ஆப்லே' 'ஆப்லா'வாக மாறுவதைக் கவனியுங்கள். வினை வடிவமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் 'ஆல்கியென்' (யாரோ), 'நாதியே' (யாரும் இல்லை) இரண்டுக்கும், குறிப்பிட்ட ஆள் இல்லாவிட்டாலும், 'ஆ' கட்டாயம்: 'நோ வேயோ ஆ நாதியே'. இங்கேயும் நம் 'ஐ' ஒத்துப்போகும்: 'யாரையும் பார்க்கவில்லை'.

அதிகம் பார்க்கும் தப்பு, 'தெங்கோ ஆ தோஸ் எர்மானோஸ்'. எனக்கு இரண்டு சகோதரர்கள் என்று சொல்ல 'ஆ' வேண்டாம், 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்' போதும்.

அப்புறம், வளர்க்கும் நாய்க்கும் 'ஆ' வரும்: 'பஸேயோ ஆல் பெர்ரோ'. 'ஆ'வும் 'எல்'லும் சேர்ந்துதான் அந்த 'ஆல்'.