வக்கீலிடம் சொன்னதும் வக்கீல் கண்டதும்

"கட்சிக்காரர் 'நான்தான் செய்தேன்' என்று சொல்லிவிட்டால் வக்கீல் போலீஸில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அவரும் உடந்தை" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு இப்போது அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 132ஆம் பிரிவாக வந்திருக்கிறது. அதன் முதல் உதாரணமே இதுதான்: "நான் போலி ஆவணம் தயாரித்தேன், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார் ஒருவர். குற்றவாளி என்று தெரிந்தவருக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது. எனவே அந்தப் பேச்சை வக்கீல் வெளியிடக் கூடாது.

"அப்படியானால் எல்லாமே ரகசியம்தானே" என்று கேட்பவர் சொல்வது பாதி சரி. அதே ஆள் "இந்தப் போலிப் பத்திரத்தை வைத்து நிலத்தை வாங்கிக் கொடுங்கள்" என்றால் பாதுகாப்பு போய்விடும். மூன்றாவது உதாரணம் இன்னும் நுட்பமானது. கையாடல் வழக்கு, வக்கீல் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார். வழக்கை எடுத்தபோது இல்லாத ஒரு வரி, கையாடியதாகச் சொல்லப்படும் அதே தொகையோடு, இப்போது இருக்கிறது. வழக்கை ஏற்ற பிறகு நடந்த மோசடி என்பதால் இந்த வரி ரகசியம் அல்ல.



உதவி கேட்காமல், "வெளியே வந்ததும் அவனை வெட்டுவேன்" என்று மட்டும் கட்சிக்காரர் சொன்னால்? பிரிவின் சொற்கள் இதற்கு நேரடியாகப் பதில் தரவில்லை. என் சீனியர்களே இதில் இரண்டு கட்சி.