உடற்பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ வொர்க்அவுட் மா, தோல் ஊறினால்தான் வேலை செய்கிறது என்பது உண்மையா?

"ப்ரீ வொர்க்அவுட் குடித்ததும் தோல் சுருசுருவென ஊறி நெஞ்சு படபடத்தால்தான் அது வேலை செய்கிறது, ஒன்றும் தெரியாவிட்டால் இன்னொரு கரண்டி போடு."

இது தவறு. ஊறல் மாவிலுள்ள பீட்டா அலனின் என்ற அமினோ அமிலத்தால் வருவது. அது தோலின் நரம்பு முனைகளைத் தூண்டிவிட்டு ஓரிரு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். தசைக்கு அதன் பயன் பல வாரங்கள் தொடர்ந்து உட்கொண்ட பிறகே கிட்டுவதால், அன்றைய ஊறல் எதற்கும் அளவுகோல் ஆகாது. படபடப்போ கஃபீனின் வேலை, பயமெல்லாம் இதில்தான்.

ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பொதுவாகப் பாதுகாப்பானது எனக் கொள்ளப்படுகிறது. சில மாக்களில் ஒரு கரண்டியிலேயே 350 மில்லிகிராம் இருக்கும். ஹட்டனில் மாலை 6 மணிக்கு ஜிம்முக்குப் போகும் இளைஞர் இரண்டு கரண்டி கலக்கினால் 700 ஆகிறது. அதாவது ஏறத்தாழ பதினைந்து கோப்பை பிளேன்டி, ஒரே மடக்கில். பாதியளவு கழியவே சுமார் ஐந்து மணித்தியாலம் ஆகுமென்பதால், இரவு 11 மணிக்கும் 350 மில்லிகிராம் உடலில் நிற்கும்.

ஊறல் மட்டுமென்றால் பொறுத்திருக்கலாம். ஓய்வெடுத்தும் துடிப்பு தணியாமலோ தாளம் தப்பியோ இருந்தாலும், நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தாலும், 1990 அம்புலன்ஸை உடனே அழையுங்கள். மாவின் போத்தலையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.