ஒற்றை டிக்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று நடந்தது. இன்றும் வேளச்சேரியில் மழை பெய்தால் எனக்கு நினைவுக்கு வருவது தண்ணீர் அல்ல, ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்.

எங்கள் தெருவுக்கு மருந்து கொண்டுவரும் தம்பி ஒருவர் உண்டு. வண்டி ஓட்டும்போது போனை எடுக்க முடியாது என்பதால், வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் பதில் போகும் `Away message` என்ற இடத்தில் "வந்துட்டே இருக்கேன், 15 நிமிஷம்" என்று போட்டு, `Always send` வைத்திருந்தார். அன்று காலை அம்மாவுக்கு இன்சுலின் கேட்டது நான்தான். ஒன்பது மணிக்கு மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது. "பாத்து வாங்க தம்பி" என்று எழுதிவிட்டு, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றப் போய்விட்டேன்.

அவர் அப்போது விஜயநகர் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறார். சைலன்சர் மூழ்கி வண்டி நின்றுபோய், ஒரு ஏடிஎம் படிக்கட்டில் ஏற்றிவிட்டு, போனை மருந்துக் கவரோடு பாலிதீனில் சுற்றி வைத்திருந்தார். கை ஈரம், திரை ஈரம். எத்தனை தடவை தேய்த்தும் லாக் திறக்கவில்லை. ஆனால் நெட் இருந்தது. போனில் நெட் இருக்கும்வரை அந்த மெசேஜ் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். மாடி வீட்டுக்காரருக்குப் பத்து மணிக்கும், எதிர்வீட்டு அக்காவுக்குப் பதினொன்றுக்கும் அதே 15 நிமிஷம் போயிருக்கிறது. மூவரும் நிம்மதியாக இருந்தோம்.

பதிலே வராமல் இருந்திருந்தால் பத்து மணிக்கே பதறியிருப்போம், கடைக்குக் கூப்பிட்டிருப்போம். அந்தப் பதறலைத்தான் அது தின்றுவிட்டது. சரி, தம்பியைக் குறை சொல்ல முடியுமா? தாமதமானால் திட்டுகிறோம் என்றுதானே அந்த வரியையே போட்டார்.

ஒரு மணிக்கு மறுபடி கேட்டேன். ஒற்றை டிக். பதில் இல்லை. டவர் போயிருக்கலாம், சார்ஜ் போயிருக்கலாம், எதுவானாலும் அன்று அவரைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் உண்மையான தகவல் அந்த ஒற்றை டிக்தான். கடைக்காரரைப் பிடித்து, அவர் வழியாக அந்தப் பக்கத்து ஆட்களைப் பிடித்து, ஒரு முதல் மாடி வீட்டில் அவரை ஏற்றும்போது மணி நாலு. அம்மாவுக்கு அன்று பக்கத்து வீட்டு இன்சுலின்.

தண்ணீர் வடிந்த பிறகு வந்தார். "போன் அதிர்ந்துட்டே இருந்துச்சுக்கா. என் பேர்ல எவனோ பேசுறான்னு தெரியுது, வாயைப் பொத்த முடியல" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து வரியை மாற்றினோம். "இது தானா போற மெசேஜ். வண்டியில இருக்கேன். ஒரு மணி நேரத்துல நானே பேசலன்னா கடைக்குக் கூப்பிடுங்க." கீழே கடை நம்பர். முதல் வாக்கியம் வேண்டாம், மரியாதையாக இருக்காது என்றார். நான் விடவில்லை.