முன்னோட்ட ஆய்வின் p மதிப்பு எவ்வளவு சொல்லும்?

"30 பேரிடம் நடந்த முன்னோட்ட ஆய்விலேயே p = 0.04 வந்துவிட்டது, வீட்டு உடற்பயிற்சி முட்டிவலியைக் குறைப்பது உறுதியாகிவிட்டது."

அவ்வளவு தூரம் போக முடியாது. குழுவுக்கு 15 பேர்தான் என்றால், ஓரிருவரின் வலி மதிப்பெண் மாறினாலே 0.04 என்பது, வழக்கமாக எல்லையாகக் கொள்ளப்படும் 0.05-ஐத் தாண்டிவிடக்கூடும். இத்தகைய சிறு மாதிரியில் பெரிதாகத் தெரியும் வித்தியாசம் மட்டுமே அந்த எல்லைக்குள் வரும் என்பதால், அது உண்மையைவிட மிகையாக இருக்கலாம்; அதை நம்பி முதன்மை ஆய்வைத் திட்டமிட்டால் ஆட்கள் போதாமல் போவார்கள்.

"மாதிரி சிறியது, ஆகவே வீண்" என்று சிலர் ஒதுக்கிவிடுவதும் பாதிதான் சரி. பயிற்சியை எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பதை அறியத்தான் முன்னோட்டம். 30 பேரில் 24 பேர் முடித்திருந்தால், 80 விழுக்காடு என்பதோடு அதன் 95 விழுக்காடு நம்பக இடைவெளி ஏறத்தாழ 63 முதல் 90 வரை என்றும் எழுத வேண்டும். 75 விழுக்காடு முன்கூட்டியே வைத்த இலக்கு என்றால், அந்த இடைவெளி 75-க்குக் கீழேயும் நீள்வதால், அது எட்டப்பட்டதா என்பது இன்னும் தெளிவாகவில்லை.