அம்மாவின் வளையலை உடைக்க இவர்கள் யார்?

அப்பா போன துக்கத்தைவிட, பதினாறாம் நாள் விடியற்காலை அம்மாவுக்கு நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

முந்தின இரவே அம்மா என்னிடம் சொல்லிவிட்டார்: "வளையலையும் தாலியையும் நானே கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுகிறேன். ஊர்கூடி எதுவும் செய்ய வேண்டாம்." அவ்வளவுதான் அவர் கேட்டது. சித்தப்பா ஒரேயடியாக மறுத்தார். "முறைப்படி செய்யாவிட்டால் அண்ணன் ஆத்மா அலையும்" என்றார். ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்த நாற்பது நாளில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர் அவர்!

மாமாவாவது தடுப்பார் என்று நம்பினேன். தன் கூடப்பிறந்தவளுக்காக அவரும் சண்டை போடத்தான் செய்தார். ஆனால் எதற்கு? பிறந்த வீட்டுக் கோடியைத்தான் முதலில் போர்த்த வேண்டும், சம்பந்தி வீட்டுச் சேலை அதற்குப் பிறகுதான் என்று! அந்த வரிசைக்காக அரை மணி நேரம் கத்தினார்கள். சேலைக்குள் உட்கார்ந்திருந்தவளை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மஞ்சள் பூசி, தலை நிறைய மல்லிகை வைத்து, இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். எதற்கு இத்தனை அலங்காரம்? அடுத்த நிமிடம் பிய்த்து எறிவதற்கு! சுமங்கலி பார்க்கக் கூடாது என்று, பெற்ற மகளான என்னை உள்ளறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். வளையல் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. தாலியைக் கழற்றிப் பால் செம்பில் போட்டார்களாம். அம்மா சர்க்கரை நோயாளி. கண்ணாடி கீறிய மணிக்கட்டுப் புண் ஆற மூன்று வாரம் ஆனது. மருந்து போட்டது நான். முறை பேசிய ஒருவரும் வரவில்லை.

முன்னால் நின்று உடைத்தது அத்தை. அவருக்கும் இதே கொடுமை நடந்தது. அன்று அவர் கதறியதை நான் சிறுமியாகக் கேட்டிருக்கிறேன். "எனக்கு நடக்கவில்லையா?" என்று திருப்பிக் கேட்கிறார். உங்களுக்கு நடந்ததாலேயே நீங்கள்தானே அத்தை குறுக்கே நின்றிருக்க வேண்டும்?

மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹேர்வாட் என்ற ஊரின் பஞ்சாயத்து, வளையல் உடைப்பதையும் குங்குமம் அழிப்பதையும் தாலி கழற்றுவதையும் நிறுத்த 2022 மே மாதம் தீர்மானம் போட்டது. அதே மாதம் மற்றப் பஞ்சாயத்துகளும் அதைப் பின்பற்றும்படி மாநில அரசு சுற்றறிக்கை விட்டது. ஓர் ஊரே கூடி நிறுத்த முடிந்ததை, என் வீட்டில் ஐந்து பெரியவர்களால் நிறுத்த முடியவில்லை!

இப்போது தங்கையின் நிச்சயதார்த்தப் பேச்சு வந்திருக்கிறது. அம்மா பின்கட்டில் இருக்கட்டும் என்று அதே சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். தாம்பூலத் தட்டை அம்மாதான் மாற்றுவார், குங்குமம் வைத்துக்கொண்டு. பார்க்கப் பிடிக்காதவர்கள் அன்று வர வேண்டாம்.